கூற்றிலிருந்து கருத்துக்கு: கள ஆய்வு நேர்காணல்களைக் குறியீட்டு அட்டவணையாக்கும் முறை

ஆய்வுச்சுருக்கம்

நேர்காணல் வழித் திரட்டப்பெறும் கூற்றுகளை மையக்கருத்து, துணைக்கருத்து, சான்றுக்கூற்று என்னும் மூன்று நிலைகளில் அட்டவணைப்படுத்துவது பண்புசார் ஆய்வில் வழக்கமான பணியாகும். இவ்வட்டவணை பெரும்பாலும் முன்பே வகுத்த தலைப்புகளின்கீழ்க் கூற்றுகளைப் பிரித்து வைப்பதோடு நின்றுவிடுகிறது. துணைக்கருத்தைச் சொல்லாக எழுதாமல் முழுத்தொடராக எழுதுவதும், ஒவ்வொரு கூற்றையும் அதன் வினாவோடும் சூழலோடும் பதிவதும் அட்டவணையை ஆய்வுக் கருவியாக மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கூத்துக் கலைஞர்களின் தலைமுறைக் கையளிப்பு என்னும் பொருளில் அமைந்த ஆறு மாதிரிக் கூற்றுகள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: பண்புசார் ஆய்வு, நேர்காணல், குறியிடல், மையக்கருத்து, துணைக்கருத்து, சான்றுக்கூற்று, கூத்து, கள ஆய்வு.

1. முன்னுரை

தமிழ்த்துறைகளில் நிகழும் நாட்டார் வழக்காற்றியல், சமூகமொழியியல், நிகழ்த்துகலை ஆய்வுகள் நேர்காணலை முதன்மைத் தரவாகக் கொள்கின்றன. தகவலாளர் பட்டியலைப் பின்னிணைப்பாகத் தருவது இவ்வாய்வேடுகளின் மரபு. எனினும் இயலின் நடுவே இடம்பெறும் ஒரு கூற்று அப்பட்டியலில் உள்ள எவருடையது, எந்த வினாவிற்கு விடையாக வந்தது, அதனை மறுக்கும் வேறு கூற்று உண்டா என்னும் வினாக்களுக்கு விடை கிடைப்பதில்லை. ஆய்வாளர் முதலில் ஒரு முடிவை எழுதிப் பின்னர் அதற்கேற்ற கூற்றைத் தேடி வைத்தாரா, கூற்றுகளைப் படித்தபின் அம்முடிவை அடைந்தாரா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லாமல் போகிறது. இவ்வழியைத் திறந்து வைப்பதே குறியீட்டு அட்டவணையின் பணி.

பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராசும் 1967இல் முன்வைத்த தொடர் ஒப்பீட்டு முறை, தரவுப்பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கருத்துகளை உருவாக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. வர்ஜீனியா பிரானும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் வெளியிட்ட கட்டுரை மையக்கருத்துப் பகுப்பாய்வை ஆறு படிகளாக விளக்கியது. நேர்காணலில் கேட்ட வினாக்களையே மையக்கருத்துகளாகத் திருப்பித் தருவதை அவர்கள் அக்கட்டுரையில் ஒரு குறைபாடாகச் சுட்டினர். தமிழ்க் கள ஆய்வுகளிலும் இக்குறைபாடு மிகுதியும் காணத்தக்கது. ஆகவே, இக்கட்டுரை ஆறு படிகளையும் விரித்துரைக்காமல், கூற்றிலிருந்து துணைக்கருத்துக்குச் செல்லும் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இங்கு ‘மையக்கருத்து’ என்னும் சொல் தெரிந்தே ஆளப்பெறுகிறது. பிற துறைகளில் வழங்கும் ‘கருப்பொருள்’ என்பது முதல், கரு, உரி என்னும் திணைப்பொருள் பகுப்பில் வேறு பொருள் தருவதால், தமிழாய்வில் அது மயக்கத்திற்கு இடமளிக்கும்.

2. எடுத்துக்காட்டுக் கூற்றுகள்

வட தமிழகத்துக் கூத்து ஜமாக்களில் கலை அடுத்த தலைமுறைக்குச் செல்வதைக் கலைஞர்கள் எவ்வாறு விளக்குகின்றனர் என்பது ஆய்வு வினா எனக் கொள்வோம். பின்வரும் கூற்றுகள் முறையை விளக்குதற்பொருட்டு அமைக்கப்பெற்ற மாதிரிகளே. உண்மைத் தகவலாளர் எவருடைய கூற்றும் அன்று. ‘கூ’ என்பது கூற்றாளரைக் குறிக்கும்.

கூ1 (மூத்த வாத்தியார், ‘உங்கள் மகன் ஆடுகிறாரா?’ என்னும் வினாவிற்கு): “நானா ஒண்ணும் வேணாம்னு சொல்லல. அவனே வரல. படிச்சிட்டான். ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ஆடணும்னு அவனுக்கு என்ன தலையெழுத்தா?”

கூ2 (பெண்வேடம் புனைபவர், வருவாய் பற்றிய வினாவிற்கு): “சீசன்ல ஆடறோம். மத்த மாசம் கட்டட வேலை. அது பரவாயில்ல. பையனுக்குப் பொண்ணு பாக்கப் போனா, கூத்தாடி வீடாம், அப்படின்னு பேசிக்கிறாங்க.”

கூ3 (இளம் நடிகர், ‘எப்போது வேடம் கட்டத் தொடங்கினீர்கள்?’ என்னும் வினாவிற்கு): “எங்கப்பா முன்பணம் வாங்கிட்டாரு. அவருக்கு ஒடம்பு முடியல. அதைக் கழிக்கத்தான் நான் வேஷம் கட்ட ஆரம்பிச்சேன். இப்ப விட மனசு வரல.”

கூ4 (மிருதங்கக் கலைஞர், ‘யாரிடம் கற்றீர்கள்?’ என்னும் வினாவிற்கு): “நாங்க கத்துக்கிட்டது யாரும் ஒக்கார வெச்சு சொல்லிக் குடுக்கல. மேடைக்குப் பின்னால தூங்கித் தூங்கி முழிச்சு கத்துக்கிட்டது. இப்ப புள்ளைங்க ராத்திரில வூட்ல தூங்குது; எப்பிடி வரும்?”

கூ5 (பயிற்சி பெற்ற இளம்பெண், ஊரார் கருத்துப் பற்றிய வினாவிற்கு): “பொண்ணு ஆடுனா ஒரு மாதிரி பாப்பாங்க. ஆனா எங்க பாட்டி முன்னாடி வந்து ஒக்காந்து பாத்தாங்க. அன்னிக்கு அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லல.”

கூ6 (ஜமா உரிமையாளர், ‘கூத்து அழிந்து வருகிறது என்கிறார்களே?’ என்னும் வினாவிற்கு): “எவன் சொன்னான் அழிஞ்சு போச்சுன்னு? பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் எங்க ஜமாவுக்குத் தேதி இல்ல. ஆளுதான் இல்ல.”

3. தலைப்புவழிப் பகுப்பும் அதன் குறையும்

இக்கூற்றுகளைப் பெற்ற ஆய்வாளர் முதலில் உருவாக்கும் அட்டவணை பெரும்பாலும் பின்வருமாறு அமையும்.

அட்டவணை 1: தலைப்புவழிப் பகுப்பு

| மையக்கருத்து | துணைக்கருத்து | சான்று |
|---|---|---|
| பொருளாதாரக் காரணம் | கடன். பருவகால வருவாய் | கூ2, கூ3 |
| சமூகக் காரணம் | இழிவு; பெண்கள் பங்கேற்பு | கூ2, கூ5 |
| கல்விக் காரணம் | இளைஞரின் ஆர்வமின்மை | கூ1, கூ4 |

இவ்வட்டவணை ஒழுங்காகவே தோன்றுகிறது. ஆயினும் இதிலுள்ள தலைப்புகள் ஒருவரையும் சந்திப்பதற்கு முன்பே எழுதத்தக்கவை. இவற்றைத் தோற்பாவைக்கூத்துக்கும் பானை வனைதலுக்கும் மாற்றமின்றி இட முடியும். மேலும், ‘இளைஞரின் ஆர்வமின்மை’ என்று கூற்றாளருள் எவரும் சொல்லவில்லை. கூ4 குறிப்பிடுவது பிள்ளைகள் உறங்கும் இடம் மாறியதைத்தான். அவர்களின் ஆர்வத்தை அவர் பேசவில்லை. கூ6க்கு இவ்வட்டவணையில் இடமே கிடைக்கவில்லை. மூன்று தலைப்புகளும் கலையின் நலிவுக்குக் காரணம் தேடுபவை. கூ6 நலிவையே மறுக்கிறது. கட்டங்களுக்குப் பொருந்தாத கூற்று ஓசையின்றி வெளியேறிவிடுவதே தலைப்புவழிப் பகுப்பின் பெருங்குறை.

இக்குறையைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சான்று நிரலை மறைத்துவிட்டுத் துணைக்கருத்து நிரலை மட்டும் படிக்க வேண்டும். களத்திற்குச் செல்லாத ஒருவர் அதனை எழுதியிருக்க முடியும் எனத் தோன்றினால், அந்நிரல் தரவிலிருந்து எழவில்லை என்பது தெளிவு.

4. கூற்றைப் பதிதல்: சூழலும் மொழியும்

பகுப்புக்கு முந்தைய பணி கூற்றை அட்டவணைக்குள் கொணர்வது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பன அடங்கும். அகப்பாடலின் துறைக்குறிப்பு, யார் யாருக்கு எச்சூழலில் உரைத்தது என்பதைச் சுட்டிய பின்னரே பாடலின் பொருள் முழுமை பெறுகிறது. இப்பயிற்சியுள்ள தமிழாய்வாளர், நேர்காணல் கூற்றையும் இந்நான்கோடு பதிய வேண்டும் என்பதை எளிதில் ஏற்பர்.

சூழல் நிரலின் தேவைக்குக் கூ6 சான்றாகிறது. ‘தேதி இல்ல’ என்பதை மட்டும் வெட்டி எடுத்தால், நிகழ்ச்சிக்கு அழைப்பே இல்லை என்று பொருள்படும். வினாவோடும் முன் தொடரோடும் சேர்த்துப் படிக்கும்போதுதான் எல்லா நாள்களும் ஒப்புக்கொள்ளப்பட்டு ஒழிந்த நாள் இல்லை என்னும் நேர்மாறான பொருள் விளங்குகிறது. ஆகவே, வெட்டும் அளவை முடிவு செய்ய ஒரு நெறி வேண்டும்: நேர்காணலைக் கேட்காத ஒருவர் அப்பகுதியைத் தனியே படித்துக் கூற்றாளர் கருதிய பொருளையே கொள்ளும் வரை பகுதியை நீட்ட வேண்டும். அச்சிடும்போது சுருக்க நேர்ந்தால் விடுபட்ட இடத்தைப் புள்ளிகளாலும், ஆய்வாளர் சேர்த்த விளக்கத்தைப் பகர அடைப்பினாலும் காட்ட வேண்டும்: “தேதி [ஒழிவு] இல்ல. ஆளுதான் இல்ல.”

அடுத்தது மொழிவடிவம். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றி அட்டவணையில் இடும் வழக்கம் பரவலாக உள்ளது. படிப்பதற்கு அது எளிதெனினும் சான்றின் ஒரு பகுதி அதனால் அழிகிறது. கூ2இன் ‘கூத்தாடி வீடாம்’ என்பதைக் ‘கூத்தாடி வீடு என்று பேசுகிறார்கள்’ என மாற்றினால் பிறர் கூற்றை உணர்த்தும் ‘ஆம்’ மறைகிறது. அவ்விழிவுப் பெயரைத் தாம் ஏற்காமல், பிறர் வாய்ச்சொல்லாகத் தள்ளி நிறுத்தும் கூற்றாளரின் நிலைப்பாடு அவ்வொட்டில்தான் உள்ளது. கூ6இன் ‘ஆளுதான் இல்ல’ என்பது ‘ஆட்கள் இல்லை’ என்றானால், வாய்ப்புக்கும் ஆளுக்கும் இடையே அவர் வைக்கும் முரண் மங்கிவிடும். கூ4இன் ‘நாங்க’ என்பது கேட்பவரை உளப்படுத்தாத தன்மைப் பன்மை. அதனை ‘நாம்’ என்று எழுதினால் நேர்காண்பவரும் அத்தலைமுறையில் சேர்ந்துவிடுவார். எனவே பகுப்பு முடியும் வரை அட்டவணையில் பேச்சு வடிவமே நிற்க வேண்டும். எழுத்து வடிவம் தேவையெனில் தனி நிரலில் அமைக்கலாம்.

5. பணி அட்டவணையின் அமைப்பு

ஆய்வாளர் பயன்படுத்தும் பணி அட்டவணையும் அச்சில் வெளியிடும் அட்டவணையும் வேறானவை. முன்னதில் ஒரு வரிசைக்கு ஒரு கூற்றுப்பகுதியும் ஒரு குறியும் மட்டுமே இருத்தல் வேண்டும். ஒரு பகுதி இரு குறிகளைப் பெறுமானால் அது இரு வரிசைகளில் வரும். ஒரே கட்டத்தில் ஐந்தாறு கூற்றுகளை அடுக்கினால் விரிதாளில் குறிவாரியாகவோ கூற்றாளர்வாரியாகவோ வடிகட்டிப் பார்க்க இயலாது.

அட்டவணை 2: பணி அட்டவணையின் சில வரிசைகள்

| இடச்சுட்டு | சூழல் | கூற்றுப்பகுதி | குறி |
|---|---|---|---|
| கூ3:41–44 | தொடக்கம் பற்றிய வினா | “அதைக் கழிக்கத்தான் நான் வேஷம் கட்ட ஆரம்பிச்சேன்.” | முன்பணத்தைக் கழிக்க நுழைதல் |
| கூ3:41–44 | மேற்படி | “இப்ப விட மனசு வரல.” | நுழைந்தபின் தோன்றும் பற்று |
| கூ1:18–21 | மகன் பற்றிய வினா | “நானா ஒண்ணும் வேணாம்னு சொல்லல … என்ன தலையெழுத்தா?” | மறுக்காமல் மறுத்தல் |
| கூ4:63–67 | கற்றல் பற்றிய வினா | “தூங்கித் தூங்கி முழிச்சு கத்துக்கிட்டது.” | இரவில் உடனிருந்து கற்றல் |

இடச்சுட்டு என்பது கூற்றாளர் எண்ணையும், நேர்காணலின் எழுத்துவடிவில் அப்பகுதி நிற்கும் வரி எண்களையும் குறிக்கும். கூற்று எங்கு நகர்த்தப்பட்டாலும் இச்சுட்டு உடன் செல்ல வேண்டும். மூலத்திற்குத் திரும்பும் வழி இதுவொன்றே. அச்சில் மேற்கோளுடன் கூற்றாளர் எண்ணைத் தருதல் வேண்டும் என்பதை, நேர்காணல் ஆய்வுகளை அறிக்கையிடுதற்காக 2007இல் வெளியான 32 கூறுகள் கொண்ட ‘கோரெக்’ பட்டியலும் எதிர்பார்க்கிறது.

குறி என்பது கூற்றாளரின் சொல்லுக்கு அண்மையில் நிற்க வேண்டும். கூ3இன் ‘முன்பணம்’ கூத்துலகில் தனிப் பொருளுடைய சொல்; ஒரு பருவம் முழுதும் ஒரு ஜமாவில் ஆடுவதாக ஒப்புக்கொண்டு நடிகர் முன்னரே பெறும் தொகை அது. இதனைக் ‘கடன்’ என்று குறித்தால் வட்டிக்கடனோடு கலந்துவிடும். கடன் பணத்தால் அடையும். முன்பணம் ஆட்டத்தால் கழியும். தந்தையால் ஆட இயலாதபோது மகன் அவரிடத்தில் நிற்பதன் காரணம் இவ்வேறுபாட்டில் உள்ளது. பொதுச்சொல் இக்காரணத்தை மறைத்துவிடும்.

6. குறியிலிருந்து துணைக்கருத்து

குறிகளைத் தொகுத்துத் துணைக்கருத்தாக்கும்போது அதனை எழுவாயும் பயனிலையும் கொண்ட முழுத்தொடராக எழுதுவது இம்முறையின் மையமாகும். ‘கடன்’ என்னும் சொல்லை எக்கூற்றாலும் மறுக்க இயலாது. அது ஒன்றையும் வலியுறுத்துவதில்லை. ‘முன்பணம் அடுத்த தலைமுறையை ஜமாவுக்குள் கொணர்கிறது, பற்று அதன்பின்னரே தோன்றுகிறது’ என்னும் தொடரையோ பிற கூற்றுகள் வலுப்படுத்தலாம், திருத்தலாம், மறுக்கலாம். மறுக்கத்தக்கதாக இருப்பதே துணைக்கருத்தின் தகுதி.

கூ1ஐப் பகுக்கும்போது எழும் இடர் இதனைத் தெளிவாக்கும். ஒருவர் இக்கூற்றை ‘மகனின் விருப்பமின்மை’ என்று குறிக்கலாம். ‘அவனே வரல’ என்பது அவருக்குச் சான்று. மற்றொருவர் ‘தந்தையின் தடை’ என்று குறிக்கலாம்; ‘என்ன தலையெழுத்தா?’ என்பது அவருக்குச் சான்று. இருவருள் ஒருவரை வெற்றிபெறச் செய்வதோ, கூற்றை இரண்டாக வெட்டி இரு கட்டங்களில் இடுவதோ எளிய தீர்வுகள். இரண்டும் பொருளை இழக்கச் செய்கின்றன. கூற்றின் பொருள் முதல் தொடருக்கும் இறுதித் தொடருக்கும் இடையிலுள்ள முரணில் இருக்கிறது. தந்தை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தம் தொழிலைத் தலையெழுத்து என்று அழைக்கிறார். ‘மறுக்காமல் மறுத்தல்’ என்னும் குறி இவ்வாறு உருவாகிறது. கூ3இல் இரு பகுதிகளும் இரு காலநிலைகளைச் சுட்டுவதால் பிரிக்கலாம். கூ1இல் இரு பகுதிகளும் ஒன்றையொன்று பொருள்படுத்துவதால் பிரித்தலாகாது. இரண்டாமவர் ஒருவரைக் கொண்டு தரவின் ஒரு பகுதியைக் குறியிடச் செய்வதன் பயன் இங்குதான் உள்ளது. உடன்பாட்டு விழுக்காட்டைக் கணக்கிடுவதைவிட, உடன்படாத இடங்களை மீண்டும் படிப்பது புதிய குறியைத் தருகிறது.

கூ1இன் குறியைக் கூ4இன் குறியோடு ஒப்பிடும்போது ஒரு தொடர்பு புலனாகிறது. இருவர் கூற்றிலும் ‘இராத்திரி’ வருகிறது. கூ4க்கு இரவு கல்விக்கூடம். பிள்ளைகள் ஒப்பனைக்கும் தாளத்துக்கும் இடையே உறங்கி விழித்துக் கற்ற இடம். கூ1க்கு அதே இரவு மகனுக்கு நேரக்கூடாத துன்பம். தனித்தனியே ‘கல்விக் காரணம்’ என்னும் கட்டத்தில் கிடந்த இவ்விரு கூற்றுகளும் சேர்ந்து ஒரு மையக்கருத்தைத் தருகின்றன: பிள்ளைகளை இரவின் உழைப்பிலிருந்து காப்பது, அறியாமலே அவர்களைக் கற்றலிலிருந்தும் விலக்குகிறது. இம்முடிவு எந்த வினாவிலும் கேட்கப்படவில்லை. எந்தக் கூற்றாளரும் முழுமையாகச் சொல்லவில்லை. ஒப்பீட்டினால் மட்டும் கிடைத்தது. மையக்கருத்து என்பது கூற்றுகளின் பொதுத் தலைப்பு அன்று, அவற்றின் உறவைச் சொல்லும் கருத்து என்பது இதனால் விளங்கும்.

7. வெளியீட்டு அட்டவணை

மேற்கண்டவாறு ஒப்பிட்டபின் அட்டவணை கீழ்வரும் வடிவம் பெறுகிறது.

அட்டவணை 3: திருத்திய பகுப்பு

| மையக்கருத்து | துணைக்கருத்து | சான்றுக்கூற்று |
|---|---|---|
| அ. உழைப்பின் இரவே கற்றலின் இரவாக இருந்தது | அ1. தனிப்பயிற்சியைவிட ஆடுகளத்தருகே உடனிருத்தல் கலையைக் கற்பித்தது | “மேடைக்குப் பின்னால தூங்கித் தூங்கி முழிச்சு கத்துக்கிட்டது.” (கூ4) |
| | அ2. மூத்தோர் அவ்விரவைப் பிள்ளைகளுக்கு விரும்புவதில்லை, வெளிப்படையாக மறுப்பதுமில்லை | “நானா ஒண்ணும் வேணாம்னு சொல்லல … என்ன தலையெழுத்தா?” (கூ1) |
| ஆ. அழைப்பு இருந்தும் ஆள் வருவது உறுதியில்லை | ஆ1. குறைந்திருப்பது நிகழ்ச்சி அன்று, ஆடுவோரே | “தேதி [ஒழிவு] இல்ல. ஆளுதான் இல்ல.” (கூ6) |
| | ஆ2. முன்பணம் சிலரை உள்ளே கொணர்கிறது, பற்று பின்னரே தோன்றுகிறது | “அதைக் கழிக்கத்தான் … இப்ப விட மனசு வரல.” (கூ3) |
| இ. இழிவுப்பெயர் பிறர் வாய்ச்சொல்லாக நிற்கிறது | இ1. திருமணப் பேச்சில் அது குடும்பத்தைத் தொடுகிறது | “கூத்தாடி வீடாம், அப்படின்னு பேசிக்கிறாங்க.” (கூ2) |
| | இ2. (மாறுபடு சான்று) மூத்தோர் முன்னின்றால் அப்பேச்சு அடங்குகிறது | “எங்க பாட்டி முன்னாடி வந்து ஒக்காந்து பாத்தாங்க.” (கூ5) |

முதல் அட்டவணையில் இடமற்றிருந்த கூ6 இப்போது ஒரு மையக்கருத்தைத் தாங்குகிறது. வருவாய் பற்றிய வினாவிற்கு விடையாக வந்த கூ2 பொருளாதாரத்தின்கீழ் நிற்கவில்லை. வருவாயை அவர் ‘பரவாயில்ல’ என்று கடந்து திருமணப் பேச்சுக்கே சென்றார். வினாவின் தலைப்பும் விடையின் கருத்தும் வேறுபடக்கூடும் என்பதற்கு இது சான்று. கூ5 இழிவைப் பற்றிய பொதுக்கருத்துக்கு மாறாக நிற்பதால் அது தனித் துணைக்கருத்தாகக் காட்டப்பெற்றுள்ளது. மாறுபடு சான்றை அட்டவணையிலேயே காட்டுவது மையக்கருத்தின் எல்லையைப் படிப்பவருக்குத் தெரிவிக்கிறது.

ஒவ்வொரு துணைக்கருத்துக்கும் சேர்த்தல், விலக்கல் நெறிகளை அட்டவணைக்கு வெளியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். சான்றாக, ஆ2க்கு உரிய நெறி: முன்பணம் நுழைவுக்குக் காரணமாகச் சொல்லப்படும் பகுதிகள் சேரும், ஏற்கெனவே ஆடிவருபவர் பெறும் முன்பணம் பற்றிய பகுதிகள் சேரா. நெறி எழுதப்படாவிடில், சில வாரங்களுக்குப் பின் அதே ஆய்வாளரே அதே சொல்லை வேறு பொருளில் பயன்படுத்தத் தொடங்குவார். நெறி மாறும்போது, முன்னர்க் குறியிட்ட நேர்காணல்களை மீண்டும் படித்துத் திருத்துதல் வேண்டும்.

8. அட்டவணையைச் சோதித்தல்

அட்டவணை 3இன் வலுக்குறைவு அதன் வடிவிலேயே தெரிகிறது. ஒவ்வொரு துணைக்கருத்தும் ஒருவர் கூற்றை மட்டும் சார்ந்துள்ளது. விளக்கத்திற்கான ஆறு கூற்றுகளில் இது தவிர்க்க இயலாதது. உண்மை ஆய்வில் இந்நிலை இருப்பின் அவை துணைக்கருத்துகள் அல்ல, மேலும் களப்பணியால் தேடத்தக்க கருதுகோள்கள் மட்டுமே. ‘மறுக்காமல் மறுத்தல்’ பிற தந்தையரிடமும் காணப்படுகிறதா, தாயர் இதனை எவ்வாறு சொல்கின்றனர் என்பன அடுத்த நேர்காணலுக்கான வினாக்கள் ஆகின்றன.

பணி அட்டவணையை இடச்சுட்டு வாரியாக வரிசைப்படுத்திப் பார்ப்பது மற்றொரு சோதனை. சொல்வன்மை மிக்க ஒருவரின் கூற்றுகளே வெளியீட்டு அட்டவணையில் மிகுந்து நிற்பதும், சுருங்கப் பேசிய பலர் விடுபடுவதும் அப்போது வெளிப்படும். கூத்துக் கலைஞர் பேச்சுத்திறன் உடையவர். கட்டியங்காரன் வேடம் புனைபவரின் கூற்று மேற்கோளாகும்போது கவர்ச்சி மிகும். கவர்ச்சி சான்றின் வலு ஆகாது. எவர் கூற்றும் குறியிடப்படாமல் எஞ்சியுள்ளதா என்பதையும் இவ்வரிசையில் காணலாம். எஞ்சிய பகுதிகளை ‘பிற’ என்னும் கட்டத்தில் தள்ளாமல் தனியே வைத்திருந்து இறுதியில் மீண்டும் படிக்க வேண்டும். முதல் அட்டவணையில் கூ6 அவ்வாறு எஞ்சியதே.

எண்ணிக்கையைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஒரு குறி எத்தனைக் கூற்றாளரிடம் வந்தது எனச் சொல்வது பயனுடையது. அதனை விழுக்காடாக்கி ஊருக்கோ கலைக்கோ பொதுமைப்படுத்துவது பொருந்தாது. தகவலாளர் தெரிவு அதற்கென அமைந்ததன்று.

இறுதியாக, மறைபெயர் காப்பு. கூத்து ஜமாக்களின் உலகம் சிறியது. பெயரை நீக்கி எண் இட்டாலும், வேடம், வயது, ஊர், இசைக்கருவி ஆகிய நான்கும் ஒரே வரிசையில் நின்றால் கூற்றாளர் யாரென உள்ளூரார் அறிந்துகொள்வர். முன்பணம் பற்றிய கூ3இன் கூற்று அவருக்கும் ஜமா உரிமையாளருக்கும் இடையே பிணக்கை உண்டாக்கக்கூடும். எனவே பணி அட்டவணையில் உள்ள விவரங்களுள் கருத்தை விளங்கிக்கொள்ளத் தேவையானவை மட்டும் அச்சுக்குச் செல்ல வேண்டும். எண்களையும் பெயர்களையும் இணைக்கும் பட்டியல் அட்டவணையோடு ஒரே கோப்பில் இருத்தலாகாது. பெயர், வயது, ஊர் ஆகியவற்றுடன் தகவலாளர் பட்டியலை அச்சிடும் மரபு இவ்விடத்தில் மறுபரிசீலனைக்கு உரியது. தம் பெயர் இடம்பெறுவதைப் பெருமையாகக் கருதும் கலைஞரும் உளர். ஆகவே இம்முடிவு அவரவர் இசைவோடும், கூற்றின் தன்மை நோக்கியும் எடுக்கத்தக்கது.

9. முடிவுரை

ஒரே ஆறு கூற்றுகளிலிருந்து இரு அட்டவணைகள் எழுந்தன. முதலாவது, இளைஞரின் ஆர்வமின்மையால் கூத்து நலிகிறது என்னும் பழகிய முடிவுக்கு இட்டுச்செல்கிறது. இரண்டாவது, அழைப்பு குறையாதபோதும் கற்றல் நிகழ்ந்த இரவு பிள்ளைகளிடமிருந்து அகன்றுவிட்டதைக் காட்டி, மேலும் களப்பணி செய்யத்தக்க கருதுகோளை முன்வைக்கிறது. கலைக்கு உதவ முனைவோர் முதல் அட்டவணையைப் படித்தால் இளைஞரிடையே விழிப்புணர்வு ஊட்ட எண்ணுவர். இரண்டாவதைப் படித்தால் கற்றலுக்கு வேறொரு களம் எவ்வாறு அமையும் என்று வினவுவர். கூற்றாளர் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் இடுவதா, சொன்னதன் உறவைக் கண்டுரைப்பதா என்பது துணைக்கருத்து நிரலில் எழுதப்படும் தொடரைப் பொறுத்தே அமைகிறது.